உறைபனி இரவில் ஸ்பிரிங்ளரை எப்போது திறப்பது, எப்போது மூடுவது: நீலகிரித் தோட்டங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊட்டிப் பக்கம் உறைபனிக்குத் தண்ணீர் அடிப்பது எல்லாருக்கும் தெரிந்த வேலைதான். ஆனால் தண்ணீர் அடித்ததாலேயே உருளைக்கிழங்குச் செடி கருகிப்போன வயல்களையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பயிரைக் காப்பாற்றும். தவறான நேரத்தில் திறந்தாலோ பாதியில் நிறுத்தினாலோ அதே தண்ணீர் பயிரைக் கொல்லும். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பங்கு ஸ்பிரிங்ளருக்கே. புகை, காற்றாடி இரண்டும் எங்கே உதவும், எங்கே உதவாது என்பது பின்னால் வருகிறது.

## 1. முதலில் உங்கள் நிலத்தின் குளிர்ந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்

மேகம் இல்லாமல், காற்று அசையாமல், வறண்டிருக்கும் இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனக்கிறது. பிறகு அது தண்ணீர் போலவே சரிவில் இறங்கி, பள்ளத்தில் தேங்குகிறது. தலைகுந்தா, காந்தல் மாதிரி பள்ளமான இடங்களில் பனி வெள்ளையாகப் படிந்திருக்க, பக்கத்து மேட்டில் ஒன்றுமே இல்லாமல் இருப்பது இதனால்தான்.

பனிக்காலம் தொடங்குமுன் தெளிவான ஓர் இரவில், பத்து மணிக்கு மேல், ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வயலைச் சுற்றி நடங்கள். புகை எந்தப் பக்கம் நகர்கிறதோ அதுதான் குளிர்காற்றின் ஓடை. அது போய் நிற்கும் இடத்தில் வேலியோ புதரோ அடைத்துக்கொண்டிருந்தால், கீழ்ப்பக்கத்தில் ஒரு வாய் வெட்டி விடுங்கள். அணைபோல் நிற்கும் புதரை எடுத்தால் குளிர்காற்று கீழே வடிந்துவிடும். செலவில்லாத வேலை இது. ஆனாலும் பலர் இதைத் தாண்டிக்கொண்டு நேராகப் பம்பு வாங்கப் போய்விடுகிறார்கள்.

அதே சமயம் மண்ணையும் கவனியுங்கள். காய்ந்து பொலபொலவென்று இருக்கும் மண் பகல் சூட்டை வாங்கிச் சேமிக்காது. உறைபனி வரும் போலத் தெரிந்தால், ஓரிரு நாள் முன்பே மேல் ஓர் அடி மண் நனையும்படி பாய்ச்சி வையுங்கள். களையையும் வரிசைக்கு நடுவே கிடக்கும் சருகையும் அகற்றினால், பகலில் வெயில் மண்ணில் இறங்கும், இரவில் அந்தச் சூடு மேலே வரும். மூடாக்குப் போட்டு மண்ணைக் காப்பது மற்ற மாதங்களில் நல்ல பழக்கம். பனி மாதங்களில் அதுவே எதிராக வேலை செய்யும்.

## 2. இரண்டு வெப்பமானிகளைப் பயிர் உயரத்தில் வையுங்கள்

கைபேசியில் வரும் வெப்பநிலை உங்கள் வயலுடையது அல்ல. வானிலை நிலையத்தில் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவு உயரத்தில், கூண்டுக்குள் வைத்து அளக்கிறார்கள். தெளிந்த இரவில் புல் உயரத்தில் அதைவிட 3, 4 டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம். கைபேசி 3 டிகிரி என்று காட்டும் இரவிலேயே உங்கள் செடி மேல் பனி உறைந்திருக்கலாம்.

இரண்டு சாதாரண வெப்பமானி போதும். முதலில் நொறுக்கிய ஐஸ் கட்டியில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, இரண்டையும் அதில் முக்கிப் பாருங்கள். இரண்டும் 0 காட்ட வேண்டும். ஒன்று 1 காட்டினால் அந்த ஒரு டிகிரியை அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு டிகிரிதானே என்று விடாதீர்கள். இந்த வேலையில் பிழைப்பதும் கருகுவதும் ஒரு டிகிரிக்குள் முடிந்துவிடும்.

ஒன்று உலர் மானி. இன்னொன்றின் குமிழில் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, சுத்தமான தண்ணீரில் நனைத்தால் அது ஈர மானி. பார்ப்பதற்கு முன் அட்டையால் இரண்டு மூன்று நிமிடம் விசிறி, அது இனி இறங்காது என்று தெரிந்ததும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விசிறாமல் பார்த்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

இரண்டையும் பயிரின் உயரத்தில், வயலின் பள்ளமான மூலையில் வையுங்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் மானி வீட்டுக்குத்தான் உதவும்.

## 3. எந்தப் பயிருக்கு எந்த எண்

செடியில் வெள்ளையாகப் படிவது மட்டும் சேதம் இல்லை. திசுக்களுக்கு உள்ளே ஐஸ் உருவாகி, அது செல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்போதுதான் இலை சாகிறது. அந்த எல்லை பயிருக்குப் பயிர் மாறும்.

பீன்ஸ் கிட்டத்தட்ட 0 டிகிரியிலேயே அடிபடும். உருளைக்கிழங்கின் இலை மைனஸ் 1 முதல் மைனஸ் 2 வரைக்குள் கருகத் தொடங்கும். கேரட், முட்டைக்கோஸ் இரண்டும் அதற்கும் கீழே கொஞ்சம் தாங்கும். தண்ணீர் குறைவாக இருந்தால் அவற்றுக்குச் செலவழிக்காமல் உருளைக்கிழங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழமரங்களில் பூவின் பருவம்தான் கணக்கு. மொட்டு இறுக்கமாக இருக்கும்வரை நிறையத் தாங்கும்; விரிய விரியத் தாங்குசக்தி குறையும். பீச் முழுதாகப் பூத்திருக்கும்போது அரை மணி நேரம் மைனஸ் 2.8 டிகிரி நின்றால் பத்தில் ஒரு பூ போகும், மைனஸ் 4.4 நின்றால் பத்தில் ஒன்பது போகும் என்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பழத்தோட்டங்களில் நெடுநாளாகப் பயன்படும் கணக்கு. இரண்டுக்கும் நடுவே வெறும் 1.6 டிகிரிதான் என்பதைக் கவனியுங்கள்.

இவை சேத எல்லைகள். வேலையைத் தொடங்கும் எண் வேறு. புதிதாக வருகிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான்.

## 4. தண்ணீர் ஏன் காப்பாற்றுகிறது, ஏன் கொல்கிறது

ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. இலை மேல் தண்ணீர் உறைந்துகொண்டே இருக்கும்வரை அந்த வெப்பம் இலையை 0 டிகிரியை ஒட்டி வைத்திருக்கும். ஐஸ் போர்வை குளிரைத் தடுத்துக் காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். போர்வை அல்ல, இடைவிடாமல் நடக்கும் உறைதல்தான் காக்கிறது. உறைதல் நின்றால் அந்த ஐஸ் வெறும் பாரம்.

மறுபக்கம், ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 600 கலோரியை இலையிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. அதாவது ஒரு பங்கு ஆவியானால், அதை ஈடுகட்ட ஏழரைப் பங்கு உறைய வேண்டும். காற்று வறண்டிருந்தாலோ வீசினாலோ ஆவியாவது கூடும், கணக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

ஈர மானி காட்டுவது இந்த ஆவியாதலின் விளைவைத்தான். நனைந்த இலை முதல் சில நிமிடங்களில் எவ்வளவு குளிரும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஊட்டி உயரத்தில் காற்று 3 டிகிரியும் ஈர மானி 0 டிகிரியும் காட்டும் ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். அப்போதே ஸ்பிரிங்ளரைத் திறந்தால் இலை 0 வரை இறங்கி நிற்கும், ஆபத்தில்லை. பூஜ்யம் வரட்டும் பார்ப்போம் என்று காத்திருந்து, காற்று 0 ஆனபின் திறந்தால், நனைந்த இலை மைனஸ் 1.7 டிகிரியை ஒட்டிப் போகும். உருளைக்கிழங்குக்கு அந்த முதல் சில நிமிடங்களே போதும்.

ஆகவே விதி இதுதான்: ஈர மானி 0 டிகிரிக்குக் கீழே போகுமுன் திறக்க வேண்டும். உலர் மானி என்ன சொன்னாலும் சரி.

## 5. தண்ணீர்க் கணக்கைப் பகலிலேயே போடுங்கள்

மைனஸ் 2 டிகிரி அளவுள்ள, காற்றில்லாத இரவுக்கு மணிக்கு சுமார் 3 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். 25 சென்ட் நிலம் சுமார் 1,000 சதுர மீட்டர். எனவே மணிக்கு 3,000 லிட்டர். இரவு ஒரு மணிக்குத் தொடங்கி காலை எட்டு மணி வரை ஏழு மணி நேரத்துக்கு 21,000 லிட்டர். இதே கணக்கில் ஓர் ஏக்கருக்கு மணிக்கு 12,000 லிட்டர்.

தொட்டியில் அவ்வளவு இல்லை என்றால் என்ன செய்வது? பாதி நிலத்துக்கு முழு அளவு அடியுங்கள். முழு நிலத்துக்குப் பாதி அளவு அடிக்காதீர்கள். குறைந்த அளவில் உறையும் வெப்பம் ஆவியாதலை ஈடுகட்டாது. எதுவுமே அடிக்காத நிலத்தைவிட மோசமாக முழுவதும் கருகும். தண்ணீர் ஐந்து மணி நேரத்துக்குத்தான் வரும் என்றாலும் இதே கதைதான். நடுவில் தீரப்போகும் தண்ணீரைத் தொடங்கவே கூடாது.

உங்கள் ஸ்பிரிங்ளர் உண்மையில் எவ்வளவு அடிக்கிறது என்பதை, நேர் சுவருள்ள பழைய டப்பாக்களை வயலில் பத்து இடத்தில் வைத்து, ஒரு மணி நேரம் ஓட்டி, ஸ்கேலால் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக நிற்கும் டப்பா எதுவோ அந்த இடம்தான் கருகப்போகிறது. தலை ஒரு சுற்றுச் சுற்ற ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் திரும்பி வருவதற்குள் இலை மேல் இருந்தது முழுதும் உறைந்து, பிறகு குளிரத் தொடங்கிவிடும்.

மும்முனை மின்சாரம் இரவு முழுக்க இருக்கும் என்று நம்பி இதில் இறங்காதீர்கள். டீசல் பம்பு தயாராக இல்லை என்றால் ஸ்பிரிங்ளர் வேண்டாம், செடியை மூடுவதே மேல்.

## 6. அந்த இரவு: மணிக்கு மணி

நான் உருளைக்கிழங்கு போட்டிருந்த 25 சென்ட் பள்ள வயலில், ஒரு ஜனவரி இரவு எழுதி வைத்த கணக்கைச் சொல்கிறேன். தொட்டியில் 30,000 லிட்டர் இருந்தது.

மாலை ஆறு மணிக்கே வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது, புகை நேராக மேலே போனது. இந்த இரண்டும் சேர்ந்தால் தூங்கப் போவதில்லை என்று அர்த்தம். ஒன்பது மணிக்கு உலர் மானி 6, ஈர மானி 1.6. இரண்டுக்கும் இவ்வளவு இடைவெளி என்றால் காற்று நன்றாக வறண்டிருக்கிறது, சீக்கிரம் திறக்க வேண்டியிருக்கும். பதினோரு மணிக்கு 4.5, 0.8. இதற்குப் பிறகு கால் மணிக்கு ஒருமுறை பார்த்தேன்.

பன்னிரண்டரைக்கு ஈர மானி 0.3. திறந்துவிட்டேன். உலர் மானி அப்போது மூன்றரைக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கத்து வயல்காரர் டார்ச் அடித்துக்கொண்டு வந்து, "என்னங்க அண்ணா, இன்னும் பனியே விழல, அதுக்குள்ள தண்ணிய வீணாக்குறீங்க?" என்றார். அவர் காற்று பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்து மூன்று மணிக்குத் திறந்தார்.

திறந்த பிறகு வேலை முடிந்துவிடாது. அரை மணிக்கு ஒருமுறை வயலைச் சுற்றி, ஒவ்வொரு தலையும் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். நின்றுபோன தலையைக் கையால் தட்டி ஐஸை உடைத்துவிட்டால் மறுபடி ஓடும். மாற்றுத் தலை இரண்டும் ஒரு ஸ்பேனரும் சட்டைப் பையில் இருக்கட்டும். மழைக்கோட்டு கட்டாயம், அந்தக் குளிரில் நனைந்தால் பயிரைவிட முதலில் நீங்கள் விழுவீர்கள்.

ஐஸின் நிறத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல் தெளிவாக, அதன் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் அளவு போதுகிறது. பால்போல் வெள்ளையாகி, சொட்டாமல் காய்ந்து நின்றால் தண்ணீர் போதவில்லை. எனக்கு வடகீழ் மூலையில் நாலு மணிக்கு அப்படித்தான் வெள்ளையாக இருந்தது. ஒரு தலை எப்போது நின்றது என்றே தெரியவில்லை. மறுபடி ஓடவிட்டேன், ஆனால் அந்த ஐந்தாறு வரிசை போனதுதான்.

## 7. எப்போது நிறுத்துவது

வெளிச்சம் வந்ததும் பம்பை அணைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான் குளிர் உச்சத்தில் இருக்கும். அப்போது அணைத்தால், இலை மேல் இருக்கும் ஐஸும் ஈரமும் ஆவியாகி இலையை மேலும் குளிர்விக்கும்.

தண்ணீர் படாத இடத்தில் வைத்த ஈர மானி 0 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். வெயில் வயலில் விழுந்து, ஐஸ் இலையிலிருந்து கழன்று உதிர வேண்டும். இரண்டும் நடந்தபின் அணையுங்கள். பள்ளத்தில் வெயில் தாமதமாகத்தான் வரும். எனக்கு அன்று எட்டேகால் ஆகிவிட்டது. ஏழே முக்கால் மணி நேரம் ஓடியதில் சுமார் 23,000 லிட்டர் செலவு.

பக்கத்து வயலில் ஐந்து மணிக்கு மின்சாரம் போனது. டீசல் பம்பு இல்லை. தாமதமாகத் திறந்ததும், நடுவில் நின்றதும் சேர்ந்து, பத்து மணிக்கெல்லாம் இலைகள் வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின. என் வயலில் அந்த மூலை தவிர மற்றது நின்றது.

அணைத்ததும் குழாயில் மிஞ்சிய தண்ணீரை வடித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த இரவு திறக்கும்போது உள்ளே உறைந்து அடைத்திருக்கும். ஓர் இரவுக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது, மூன்று இரவு தொடர்ந்தால் ஒரு பெருமழைக்குச் சமம். வடிகால் இல்லாத வயலில் உருளைக்கிழங்கு பனிக்குத் தப்பி அழுகலில் போகும்.

## 8. பழமரங்களுக்குக் கீழிருந்து அடியுங்கள்

பீச், பிளம், பேரி மரங்களுக்கு மேலிருந்து அடித்தால் ஐஸ் பாரத்தில் கிளை ஒடியும். அதனால் மரத்தடியில் சிறு ஸ்பிரிங்ளர் வைத்து, கிளையில் படாமல் தரையை மட்டும் நனைப்பது நல்லது. தரையில் தண்ணீர் உறைந்து விடும் வெப்பம் மேலே ஏறும். கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றிரண்டு டிகிரிதான். ஆனால் நடுவில் தண்ணீர் நின்றாலும், பூ நனையாததால், மேலிருந்து அடிக்கும்போது வரும் ஆபத்து இதில் இல்லை. பூத்திருக்கும் மரத்துக்கு அந்த ஒன்றிரண்டு டிகிரியே போதுமானது என்பதை மேலே பார்த்த பீச் கணக்கு சொல்கிறது. இதிலும் ஈர மானி 0 ஆகுமுன் தொடங்கிவிடுங்கள், தரையே உறைந்தபின் தொடங்கிப் பயனில்லை.

## 9. புகை

ஈரச் சருகைக் குவித்துப் புகை மூட்டுவது இன்னும் பலர் செய்வது. புகை மேகம்போல் மூடிச் சூட்டைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. புகைத்துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை, நிலம் விடும் வெப்பக் கதிரின் அலைநீளமோ 10 மைக்ரோமீட்டர் அளவு. அந்தக் கதிர் புகையைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போய்விடும். காலையில் வரும் வெயிலைத்தான் புகை மறைக்கும். அதாவது சூடேற வேண்டிய நேரத்தில் தடை.

உதவுவது நெருப்பின் சூடு மட்டும். அதையும் ஒரு பெரிய தீயாக மூட்டினால் சூடான காற்று வேகமாக மேலே ஏறி, பக்கத்துக் குளிர்காற்றை உள்ளே இழுத்துவிடும். மூட்டுவதாக இருந்தால் சிறு சிறு தீயாகப் பல இடத்தில், காய்ந்த விறகில், புகை குறைவாக. காட்டை ஒட்டிய நிலத்தில் அதுவும் வேண்டாம்.

## 10. காற்றாடி

உறைபனி இரவில் தரையோரம் மைனஸ் ஆக இருக்க, பத்துப் பதினைந்து மீட்டர் மேலே சில டிகிரி சூடாக இருக்கும். கலிபோர்னியாவிலும் நியூசிலாந்தின் மார்ல்பரோ திராட்சைத் தோட்டங்களிலும் நிற்கும் பெரிய காற்றாடிகள் அந்த மேல்காற்றைக் கீழே தள்ளிக் கலக்குகின்றன. சுமார் 10 மீட்டர் கம்பத்தில் ஒன்று நின்றால் நான்கைந்து ஹெக்டேர் பார்த்துக்கொள்ளும். பயிர் உயரத்தில் 0 டிகிரிக்கு இறங்குமுன் ஓடவிட வேண்டும்.

அதை யோசிக்கிறவர்கள் முதலில் ஒரு மூங்கில் கம்பத்தில் 10 மீட்டர் உயரத்திலும், பயிர் உயரத்திலும் மானி கட்டி, நாலைந்து பனி இரவு பாருங்கள். இடைவெளி ஒன்றரை டிகிரிகூட இல்லையென்றால் மேலே கலக்குவதற்குச் சூடே இல்லை. நம்முடைய 25 சென்ட், 50 சென்ட் படிக்கட்டு நிலங்களுக்கு இந்தச் செலவு கட்டாது. வீட்டு மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு போய் வயலில் வைத்தவரையும் தெரியும். அது குளிர்காற்றைக் குளிர்காற்றோடு கலக்கியது.

## 11. தண்ணீர் இல்லாதவர்களுக்கு

இளம் தேயிலைச் செடிகளையும் நாற்றங்காலையும் மிலார் செடியாலோ தழையாலோ மூடுவது நம் ஊர் வழக்கம், அது நன்றாகவே வேலை செய்யும். மாலை வெயில் இறங்குமுன், மண்ணில் சூடு இருக்கும்போதே மூடுங்கள். இருட்டிய பிறகு மூடினால் குளிரைத்தான் மூடி வைக்கிறீர்கள். பிளாஸ்டிக் ஷீட் என்றால் இலையைத் தொடாதபடி குச்சி நட்டு அதன் மேல் போடுங்கள், தொட்ட இடம் கருகும். காலையில் வெயில் வந்ததும் திறந்துவிட வேண்டும்.

கருகிய செடியை மறுநாளே வெட்ட ஓடாதீர்கள். எது செத்தது, எது தப்பியது என்று தெரிய நாலைந்து நாள் ஆகும். அடியில் தண்டு பச்சையாக இருந்தால் உருளைக்கிழங்கு மறுபடி துளிர்க்கும். அதுவரை அந்தக் கருகிய இலையே அடுத்த இரவுப் பனிக்கு அதன் மூடாக்கு.